சமையலறை, அக்கா, தம்பி, நிலம்: இந்தக் காட்சியைத் தாளில் எப்படி வைப்பது?

நீலமை · 3 மார்ச், காலை 9:12

குறும்பட ஸ்கிரிப்ட், அதில் ஒரு காட்சி. அக்கா மாலதியும் தம்பி குமரனும் குடும்ப நிலத்தை விற்பது பற்றிச் சமையலறையில் சண்டை போடுகிறார்கள். படித்தவர் "இது கதைச் சுருக்கம், காட்சி இல்லை" என்று திருப்பித் தந்துவிட்டார். எழுதியது இது:

"காட்சி 4. வீடு. மாலதியும் குமரனும் சமையலறையில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அப்பா இறந்து ஆறு மாதம் ஆகிறது. குமரனுக்குக் கடன் தொல்லை, நிலத்தை விற்றே ஆக வேண்டும் என்று நினைக்கிறான். அப்பா உழைத்த நிலம் என்பதால் மாலதிக்கு மனம் ஒப்பவில்லை. வாக்குவாதம் முற்றுகிறது. கேமரா மெல்ல மாலதியின் கண்களை நோக்கிச் செல்ல, அவள் சிறுவயது நினைவுகளில் மூழ்குகிறாள். அம்மா உள்ளிருந்து கூப்பிட, இருவரும் அமைதியாகிறார்கள்."

வசனம் தனி நோட்டில் இருக்கிறது. ஃபார்மேட் என்றால் எழுத்துரு, ஓரம், இடைவெளி இவ்வளவுதானா? அதைச் சரிசெய்தால் போதுமா, இல்லை காட்சியையே மாற்ற வேண்டுமா?

ஓடும்படம் · 3 மார்ச், காலை 9:40

கூரியர் எழுத்துரு, 12 பாயிண்ட். இடது ஓரம் ஒன்றரை அங்குலம், மற்ற மூன்று பக்கமும் ஒரு அங்குலம். பெயர் நடுவில், அதன் கீழே வசனம். ஒரு பக்கம் ஒரு நிமிடம். உங்கள் காட்சி கால் பக்கம் வரும், அதாவது 15 விநாடி. அதற்கு மேல் குழப்பிக்கொள்ள எதுவும் இல்லை.

எட்டில்ஒன்று · 3 மார்ச், காலை 11:05

ஓரங்கள் சரி. 15 விநாடிதான் தவறு. "வாக்குவாதம் முற்றுகிறது" என்பது இரண்டு சொல். எடுக்கும்போது அது இரண்டு நிமிடமும் ஆகலாம், ஆறு நிமிடமும் ஆகலாம். எவ்வளவு என்று தாள் சொல்லாதபோது ஷெட்யூல் போடுகிறவர் ஊகிக்க வேண்டியிருக்கிறது. திருப்பித் தந்ததற்கு முதல் காரணம் அதுவாகத்தான் இருக்கும்.

நீலமை, உங்கள் பத்தியில் இருக்கும் ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்து, இதைக் கண்ணால் பார்க்க முடியுமா, காதால் கேட்க முடியுமா என்று மட்டும் பாருங்கள். "அப்பா இறந்து ஆறு மாதம்" தெரியாது. "கடன் தொல்லை" தெரியாது. "மனம் ஒப்பவில்லை" தெரியாது. "நினைவுகளில் மூழ்குகிறாள்" என்றால் நடிகை செய்ய வேண்டியது என்ன? கடைசியில் மிஞ்சுவது இரண்டு பேர், ஒரு சமையலறை, உள்ளிருந்து ஒரு குரல். மற்றதையெல்லாம் ஏதாவது ஒரு பொருளாகவோ செயலாகவோ வசனமாகவோ மாற்ற வேண்டும், முடியாவிட்டால் விட்டுவிட வேண்டும்.

ஆகவே ஓரத்தைச் சரிசெய்தால் மட்டும் போதாது. அதே நேரம் ஓரமும் அலங்காரத்துக்காக வந்ததல்ல. தாளில் ஒவ்வொன்றும் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை வைத்து ஒவ்வொரு ஆள் வேலை செய்கிறார். நடிகர் நடுவில் இருக்கும் குறுகிய பத்தியைப் பார்க்கிறார். கலை இயக்குநர் முழு அகல வரிகளைப் பார்க்கிறார். உதவி இயக்குநர் இடத்தையும் நேரத்தையும் சொல்லும் தலைப்பு வரியைப் பார்க்கிறார். உங்கள் தாளில் எல்லாம் ஒரே பத்தியாக இருப்பதால் மூன்று பேரும் முழுவதையும் படித்து, தனக்கு வேண்டியதைப் பொறுக்க வேண்டும். அவசரத்தில் ஏதாவது ஒன்று தவறிப்போகும், பெரும்பாலும் ஒரு கைப்பொருள்.

மேட்டுநிலம் · 3 மார்ச், மதியம் 1:30

நிலத்தை விற்பது என்று பார்த்துவிட்டு உள்ளே வந்தேன். தம்பி மட்டும் விற்க நினைத்தால் நடக்காது. அப்பா போன பிறகு நிலம் அம்மா, அக்கா, தம்பி மூவருக்கும் சேர்ந்து வந்திருந்தால், முழு நிலத்தையும் விற்க மூவரும் கையெழுத்துப் போட வேண்டும். அக்கா மறுத்தால் அவள் பங்கு அப்படியே நிற்கும். வாங்குகிறவர் அந்தத் தலைவலியோடு வாங்க மாட்டார். முதலில் பங்கைப் பிரித்து எழுதச் சொல்லுங்கள்.

கதவோரம் · 3 மார்ச், மதியம் 2:15

மேட்டுநிலம், இது சினிமாவுக்கான காட்சி, நிஜ விற்பனை இல்லை. ஆனால் நீலமைக்கு வேண்டிய பொருளை நீங்கள்தான் கொடுத்திருக்கிறீர்கள். மூன்று கையெழுத்துக் கோடு போட்ட ஒரு தாள். ஒன்றில் மட்டும் மை. அந்தத் தாளை மேசையில் வைத்துவிட்டால், தம்பி விற்க முடிவெடுத்துவிட்டான் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. மூன்று கோட்டில் அப்பாவுக்குக் கோடு இல்லை என்பதால் அவர் இல்லை என்பதும் பாதி தெரிந்துவிடும். அக்கா கையெழுத்து இல்லாமல் வேலை நடக்காது என்பதும் தெரியும், அதுதான் சண்டைக்கே காரணம்.

கடனுக்கும் அதேபோல ஒன்று தேடுங்கள். குமரனின் போன் அதிர்கிறது, திரையைப் பார்க்காமலே கவிழ்த்து வைக்கிறான். அது போதும். யார் கூப்பிட்டார்கள், எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் வேறு காட்சியில் வரட்டும்.

நீலமை · 3 மார்ச், இரவு 9:50

புரிந்தவரை மாற்றி எழுதினேன். சில குறிகளை வைத்து ஸ்கிரிப்டை வடிவமைக்கும் ஃபவுண்டன் முறையில், சாதாரண எழுத்துக் கோப்பாகத்தான் வைத்திருக்கிறேன். ஆனால் செயலியில் திறந்தால் பெயரெல்லாம் இடது ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. வசனமும் அப்படியே. தலைப்பும் தலைப்பாகத் தெரியவில்லை. ஆங்கில மாதிரிக் கோப்பு மட்டும் சரியாக வருகிறது.

எட்டில்ஒன்று · 4 மார்ச், காலை 7:20

தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவு இல்லை. ஃபவுண்டன் ஒரு வரியைப் பெயர் என்று அடையாளம் காண்பது அது முழுக்கப் பெரிய எழுத்தில் இருப்பதை வைத்து. தலைப்பை அடையாளம் காண்பது உள், வெளி என்பதைக் குறிக்கும் `INT.` அல்லது `EXT.` போன்ற தொடக்கத்தை வைத்து. தமிழில் இரண்டுமே இல்லாததால் அது எல்லாவற்றையும் செயல் விவரிப்பாக எடுத்துக்கொள்கிறது. அதற்கு வழியும் அதிலேயே இருக்கிறது. தலைப்பு வரியின் முன்னால் ஒரு புள்ளி, பெயரின் முன்னால் `@`. அச்சில் இரண்டும் மறைந்துவிடும்.

பெயருக்கு முன் ஒரு வெற்று வரி இருக்க வேண்டும், பெயருக்கும் வசனத்துக்கும் நடுவில் இருக்கக் கூடாது. நடுவில் வெற்று வரி விட்டால் வசனம் விவரிப்பாக மாறிவிடும்.

சில செயலிகளில் இதற்கு நேர்மாறான கோளாறும் வரும். தமிழ் வரியைப் பெரிய எழுத்தாக்கிப் பார்த்தால் அது மாறாமல் அப்படியே இருக்கும். அதனால் "முழுக்கப் பெரிய எழுத்துதான்" என்று முடிவுகட்டி, அடுத்தடுத்து இரண்டு வரியில் இருக்கும் விவரிப்பில் முதல் வரியைப் பெயராக்கி நடுவில் தள்ளிவிடும். அப்படி வந்தால் அந்த வரியின் முன் `!` போடுங்கள், விவரிப்பாகவே நிற்கும். இல்லையென்றால் ஒவ்வொரு விவரிப்பையும் என்டர் தட்டாமல் ஒரே வரியாக எழுதிவிட்டு வெற்று வரி விடுங்கள். எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கும்.

நீலமை · 4 மார்ச், காலை 8:45

வந்துவிட்டது. இதுதான் இப்போதைய வடிவம்:

```
.உள். சமையலறை - பகல்

**மாலதி** (45) வெங்காயம் நறுக்குகிறாள். அடுப்பில் தண்ணீர் கொதிக்கிறது.

**குமரன்** (38) மடித்த தாளை மேசையில் விரித்து, அதன்மேல் பேனாவை வைக்கிறான். தாளின் அடியில் மூன்று கையெழுத்துக் கோடுகள். ஒன்றில் மட்டும் மை.

@குமரன்
(தயக்கத்துடன்)
வெள்ளிக்கிழமை பணத்தோட வர்றாங்க.

@மாலதி
(கோபத்தை அடக்கிக்கொண்டு)
தாளை எடு. ஈரம் படும்.

குமரனின் போன் அதிர்கிறது. பார்க்காமலே கவிழ்த்து வைக்கிறான்.

@குமரன்
நீ போட்டா அம்மா போட்டுடுவாங்க.

கேமரா மாலதியின் கையை நோக்கி நகர்கிறது. கத்தி நிற்கிறது.

@மாலதி
(அதிர்ச்சியுடன்)
கிணத்துப் பக்கத்தையும் சேர்த்தா எழுதியிருக்க?

@குமரன்
(எரிச்சலுடன்)
அதை மட்டும் வெச்சு என்னக்கா பண்ணப்போற --

@மாலதி
அப்பா கடன் வாங்கினாருடா. மூணு தடவை வாங்கினாரு. அதை விக்கல.

@அம்மா (பின்னணிக் குரல்)
யாருடா சத்தம் போடுறது?

@மாலதி
(உள்ளறையை நோக்கி)
ஒண்ணும் இல்லம்மா.

தாளை மடித்து டப்பாவுக்கு அடியில் வைக்கிறாள். பேனாவைக் குமரனிடம் நீட்டுகிறாள்.
```

கதவோரம் · 4 மார்ச், காலை 10:30

நேற்றையதோடு ஒப்பிடவே வேண்டாம், இது காட்சி. கடைசி இரண்டு வாக்கியத்தை மாற்றாதீர்கள். தாளை வைத்துக்கொண்டு பேனாவைத் திருப்பித் தருகிறாள் என்பதில் அவள் மறுத்தாளா, அவகாசம் கேட்டாளா என்பது திறந்தே நிற்கிறது.

அடைப்புக்குறிகளைப் பார்ப்போம். ஐந்து இருக்கின்றன, நான்கை எடுத்துவிடலாம். "தாளை எடு, ஈரம் படும்" என்ற வசனத்திலேயே கோபத்தை அடக்குவது இருக்கிறது. நிலத்தைப் பற்றிப் பேச வந்தவனிடம் ஈரத்தைப் பற்றிப் பேசுகிறாளே. மேலே "கோபத்தை அடக்கிக்கொண்டு" என்று எழுதினால் நடிகை முகத்தில் கோபத்தைக் காட்டிவிட்டு அடக்குவார். வேறு விதமாகச் செய்து பார்க்க இடமே இருக்காது. தயக்கமும் அப்படித்தான். தாளை விரித்து, பேனாவை வைத்து, பிறகு பேசுகிறான், அந்தத் தாமதத்திலேயே தயக்கம் வந்துவிடும்.

"உள்ளறையை நோக்கி" மட்டும் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் "ஒண்ணும் இல்லம்மா" யாருக்கு, எந்தப் பக்கம் திரும்பி என்பது தெரியாது. படிப்பவருக்கு வேறு எங்கிருந்தும் கிடைக்காத தகவல் என்றால் அடைப்புக்குறியில் போடுங்கள். வசனத்துக்கு நேரெதிரான தொனி வேண்டும் என்றாலும் போடலாம்.

"கேமரா நகர்கிறது" என்பதையும் எடுங்கள். "கத்தி நிற்கிறது." இந்த இரண்டு சொல்லைத் தனி வரியில், மேலும் கீழும் இடம் விட்டு வைத்தால் படிப்பவர் மனதில் கத்திதான் திரை முழுக்க வரும். அண்மைக் காட்சி வேண்டும் என்று கேட்காமலே கேட்டதாகிவிடும். இயக்குநர் வேறு கோணத்தில் எடுக்க நினைத்தாலும் உங்கள் வரி குறுக்கே நிற்காது.

ஓடும்படம் · 4 மார்ச், காலை 11:10

நீலமையே இயக்குகிறார் என்றால் கேமராவை எழுதினால் என்ன? அவருக்கு அவரே குறுக்கே நிற்கப் போவதில்லை.

கதவோரம் · 4 மார்ச், காலை 11:25

எழுதலாம், ஷாட் டிவிஷனில். ஸ்கிரிப்டில் எழுதினால் ஒவ்வொரு முறை லொக்கேஷன் மாறும்போதும் அந்த வரிகளைத் தேடிப்பிடித்து அழிக்க வேண்டும். சமையலறையில் கேமரா நகர இடமே இல்லாமல் போகலாம்.

ஓடும்படம் · 4 மார்ச், காலை 11:40

அது சரி. அம்மாவின் "பின்னணிக் குரல்" சரியாகத்தான் இருக்கிறது, அதை விட்டுவிடுங்கள். முகம் தெரியாத குரல் எல்லாமே பின்னணிக் குரல்தான்.

எட்டில்ஒன்று · 4 மார்ச், மதியம் 12:30

இல்லை, இதில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் கலந்தால் படப்பிடிப்பு நாளில்தான் தெரியும்.

அம்மா அதே வீட்டில், அடுத்த அறையில் இருக்கிறார். கேமரா திரும்பினால் அவரைப் பார்க்கலாம், மாலதியும் குமரனும் அவர் குரலைக் கேட்டுப் பதில் சொல்கிறார்கள். அது திரைக்கு வெளியே இருக்கும் குரல். கதைசொல்லியின் குரல், மனதுக்குள் ஓடும் குரல், போனின் மறுமுனைக் குரல் இவையெல்லாம் அந்த இடத்தில் இல்லாத குரல்கள். அவற்றைத்தான் பின்னணிக் குரல் என்று எழுதுவார்கள்.

இதனால் என்ன மாறும் என்றால், பின்னணிக் குரல் என்று இருந்தால் ஷெட்யூல் போடும் நான் அம்மாவாக நடிப்பவரை அன்றைக்கு வரச் சொல்ல மாட்டேன், குரலைப் பிறகு ஸ்டூடியோவில் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவேன். அப்படி விட்டால் படப்பிடிப்பில் அந்த வரியை வேறு யாராவது சும்மா படிப்பார்கள். மாலதி எந்த நொடியில் திரும்ப வேண்டும் என்பது அந்தக் குரலைப் பொறுத்த விஷயம். "அம்மா (உள்ளறையிலிருந்து)" என்று மாற்றுங்கள். எங்கிருந்து என்று சொல்லிவிட்டால் ஒலிப்பதிவாளருக்கும் கதவுக்குப் பின்னால் ஒரு மைக் வைக்க வேண்டும் என்பது தெரியும்.

தலைப்பைப் பற்றியும் ஒன்று. "சமையலறை" என்பது எந்த வீட்டின் சமையலறை? ஸ்கிரிப்டில் இன்னொரு சமையலறை வந்தால் இரண்டும் ஒன்றாக எண்ணப்படும். "உள். அம்மா வீடு, சமையலறை - பகல்" என்று வையுங்கள். வைத்த பிறகு ஒவ்வொரு காட்சியிலும் எழுத்து மாறாமல் அதையே எழுதுங்கள். ஒரு இடத்தில் "அம்மா வீடு", இன்னொரு இடத்தில் "பழைய வீடு", வேறொன்றில் "சமையல்கட்டு" என்று இருந்தால், இடவாரியாகப் பிரிக்கும்போது மூன்று லொக்கேஷனாக விழும். விவரிப்பில் எத்தனை விதமாக வேண்டுமானாலும் எழுதுங்கள், தலைப்பில் மட்டும் வேண்டாம்.

நீலமை · 4 மார்ச், மாலை 6:05

அடைப்புக்குறிகளை எடுத்துவிட்டேன், தலைப்பையும் மாற்றிவிட்டேன். வயதும் தடித்த எழுத்தும் முதல் முறை பெயர் வரும்போது மட்டும்தானே?

இன்னொன்று, காட்சி எண்ணைக் காணோமே. முதலில் "காட்சி 4" என்று போட்டிருந்தேன்.

எட்டில்ஒன்று · 4 மார்ச், மாலை 6:40

ஆமாம், முதல் முறை மட்டும். அந்தத் தடித்த பெயரைப் பார்த்துத்தான் நடிகர் பட்டியல் எடுப்போம். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து செய்யும் வேலையைத் தமிழில் தடித்த எழுத்து செய்கிறது.

எண் இப்போது வேண்டாம். வரைவு மாற மாற எண்ணும் மாறும். நேற்றைய 4 இன்றைக்கு 6 ஆகிவிட்டால், பழைய அச்சை வைத்திருப்பவர் வேறு காட்சிக்குத் தயாராகி வருவார். ஸ்கிரிப்டைப் பூட்டி, படப்பிடிப்புக்குக் கொடுக்கும்போது எண் போடுங்கள். அதற்குப் பிறகு 4-க்கும் 5-க்கும் நடுவில் புதிதாக ஒன்று வந்தால் அது 4அ. எதையாவது நீக்கினால் அந்த எண்ணை வேறு காட்சிக்குக் கொடுக்காமல் "நீக்கப்பட்டது" என்று எழுதி அங்கேயே விட வேண்டும்.

தாள்மடி · 5 மார்ச், காலை 9:00

நான் எழுதிக்கொண்டிருப்பது இரண்டு பத்தி முறையில். தாளை நடுவில் பிரித்து இடப்பக்கம் காட்சி, வலப்பக்கம் ஒலியும் வசனமும். என் கதையிலும் ஒரு குடும்பச் சண்டை இருக்கிறது. இருவர் மாறி மாறிப் பேசும்போது இடப்பக்கம் முழுக்க வெறுமையாகிவிடுகிறது, பாதித் தாள் வீண். இதையெல்லாம் படித்த பிறகு எல்லாவற்றையும் மாற்றித் தட்டச்ச வேண்டுமா?

கதவோரம் · 5 மார்ச், காலை 9:35

உங்கள் குழு அதில் பழகியிருந்தால் மாற்ற வேண்டாம். விளம்பரத்துக்கும் ஆவணப்படத்துக்கும் அது வசதி, ஏனென்றால் அங்கே படமும் குரலும் தனித்தனியாக ஓடும், எந்தச் சொல்லுக்கு எந்தப் படம் என்று பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம். பேச்சே செயலாக இருக்கும் சண்டைக் காட்சியில் அது உதவாது. "கத்தி நிற்கிறது" இடப்பக்கத்தில் ஒரு மூலையில் நின்றுவிடும். இரண்டு வசனத்துக்கு நடுவில் சரியாக எந்த இடத்தில் நிற்கிறது என்பது படிக்கும்போது உறைக்காது. ஒற்றைப் பத்தியில் அது வசனத்தை வெட்டிக்கொண்டு வருகிறது. அந்தச் சண்டைக் காட்சியை மட்டும் ஒருமுறை ஒற்றைப் பத்தியில் எழுதிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஓடும்படம் · 5 மார்ச், காலை 10:15

நீலமையின் காட்சி இப்போது கிட்டத்தட்ட முக்கால் பக்கம். அப்படியானால் 45 விநாடி. இப்போதாவது என் கணக்கு சரிதானே?

எட்டில்ஒன்று · 5 மார்ச், காலை 11:50

தமிழில் அந்தக் கணக்கு ஏன் தள்ளாடுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், இது பலரைச் சிக்கவைக்கிறது.

பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்பது கூரியர் 12 பாயிண்டை நம்பி வந்த கணக்கு. அதில் எல்லா எழுத்தும் ஒரே அகலம், ஒரு அங்குலத்துக்கு 10 எழுத்து, 6 வரி. தாளின் இடது விளிம்பிலிருந்து விவரிப்பு ஒன்றரை அங்குலத்தில் தொடங்கும், வசனம் இரண்டரையில், பெயர் ஏறத்தாழ 3.7-இல். வசனத்தின் அகலம் மூன்றரை அங்குலம், அதாவது வரிக்கு 35 எழுத்து. இத்தனையும் மாறாமல் இருப்பதால்தான் பக்கம் ஒரு அளவுகோலானது. அதுவும் முழு ஸ்கிரிப்டுக்குச் சராசரியாகத்தான், ஒரு தனிக் காட்சிக்கு அல்ல.

கூரியரில் தமிழ் எழுத்தே கிடையாது. நீங்கள் கூரியர் என்று தேர்ந்தெடுத்தாலும் கணினி சத்தமில்லாமல் வேறொரு தமிழ் எழுத்துருவைப் போட்டுக்கொள்ளும். அதில் "ர" ஒரு அகலம், "கொ" மூன்று மடங்கு அகலம். மேலே விசிறி, கீழே சுழி என்று வரி உயரமும் கூடும், பக்கத்துக்கு வரி குறையும். இரண்டு கணினியில் திறந்தால் இரண்டு பக்க எண்ணிக்கை வரும். ஆகவே முதலில் ஒரு தமிழ் எழுத்துருவையும் அளவையும் முடிவு செய்து, பூட்டி, எல்லோருக்கும் கோப்பாக அனுப்பாமல் பிடிஎஃப் ஆக அனுப்புங்கள்.

பிறகு இந்தக் காட்சியை உரக்கப் படித்து, நிறுத்துக் கடிகாரத்தில் பாருங்கள். வசனத்தை மட்டும் படிக்காதீர்கள். தாளை விரிப்பது, பேனா வைப்பது, போன் அதிர்வது, கத்தி நின்ற பிறகு வரும் மௌனம், கடைசியில் தாளை மடிப்பது எல்லாவற்றையும் கையால் செய்துகொண்டே பாருங்கள். வேறு வேறு விதமான சில காட்சிகளை இப்படி அளந்தால் உங்கள் எழுத்துருவில் ஒரு பக்கம் எவ்வளவு என்ற உங்கள் சொந்தக் கணக்கு கிடைக்கும்.

ஷெட்யூலுக்குப் பக்கத்தை எட்டாகப் பிரித்து எண்ணுவோம். முக்கால் பக்கம் என்றால் 6/8. அது எவ்வளவு எடுக்க வேண்டும் என்பதற்கான அளவு, எவ்வளவு நேரம் ஓடும் என்பதற்கானது அல்ல. இரண்டையும் குழப்பாமல் இருந்தால் நல்லது.

நீலமை · 5 மார்ச், இரவு 10:20

தங்கையோடு செய்து பார்த்தேன். வசனம் மட்டும் 30 விநாடி. செயலோடு சேர்த்து 1 நிமிடம் 25 விநாடி.

ஓடும்படம் · 5 மார்ச், இரவு 10:45

அப்படியானால் 6/8 பக்கம் கிட்டத்தட்ட ஒன்றரை நிமிடம். பாதிக்குப் பாதி வித்தியாசம். சரி, என் ஸ்கிரிப்டையும் அளக்கிறேன்.

கத்தரி · 6 மார்ச், காலை 8:10

படத்தொகுப்பு பக்கத்திலிருந்து ஒன்று. "என்னக்கா பண்ணப்போற --" என்று இரட்டைக் கோடு போட்டு வெட்டியிருக்கிறீர்கள், அடுத்து மாலதி குறுக்கிடுகிறாள். நல்லது. அந்த இடத்தில் மூன்று புள்ளி போட்டிருந்தால் குமரன் தானாகவே இழுத்து நிறுத்துகிறான் என்று அர்த்தம் ஆகியிருக்கும். மாலதி அவனைத் தடுக்கவில்லை என்றாகிவிடும். சண்டையில் யார் கை ஓங்குகிறது என்பதே மாறிவிடும்.

ஆனால் நடிகருக்கு ஒரு சிக்கல். கோட்டோடு வசனம் முடிந்தால், மாலதி ஒரு நொடி தாமதித்தால்கூட அவர் வாயைத் திறந்தபடி நிற்பார். "பண்ணப்போற"க்குப் பிறகு அவன் சொல்ல வந்த மிச்சம் என்ன என்பதை நடிகரிடம் சொல்லி வையுங்கள், தாளில் வேண்டாம். குறுக்கீடு வரும்வரை அவர் பேசிக்கொண்டே போகலாம்.

இருவரும் ஒரே நேரத்தில் பேச வேண்டும் என்று நினைத்தால் ஃபவுண்டனில் இரண்டாவது பெயருக்குப் பின்னால் `^` போட்டால் இரண்டு வசனமும் பக்கம் பக்கமாக வரும். இந்தக் காட்சியில் வேண்டாம் என்பேன். ஒன்றின்மேல் ஒன்று விழுந்து பதிவான பேச்சைப் பிறகு பிரிப்பது கடினம். மாலதியின் முகத்தில் வெட்டும்போது குமரனின் பாதிச் சொல் கூடவே வரும்.

கதவோரம் · 6 மார்ச், காலை 9:30

"அப்பா கடன் வாங்கினாருடா. மூணு தடவை வாங்கினாரு" என்பது எனக்கு உறுத்துகிறது. அது குமரனுக்கு ஏற்கெனவே தெரியும். பார்வையாளருக்காகச் சொல்வது போல இருக்கிறது. "அப்பா அதை விக்கல" என்று மட்டும் இருந்தால் போதாதா?

கத்தரி · 6 மார்ச், காலை 9:55

எனக்கு அது சரியாகவே படுகிறது. சண்டையில் மனிதர்கள் எதிராளிக்குத் தெரிந்ததைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்கள், குத்துவதற்காக. "மூணு தடவை" போய்விட்டால் அவள் சொல்வதற்கு எடையே இல்லை. கடனுக்கு விற்காத அப்பா, கடனுக்கு விற்கும் மகன் என்பது அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

கதவோரம் · 6 மார்ச், காலை 10:20

அந்த ஒப்பீடு போனைக் கவிழ்ப்பதிலிருந்தே வரும் என்று நினைக்கிறேன். நீலமை, இரண்டு விதமாகவும் நடித்துப் பார்த்து வையுங்கள். நான் இன்னும் மாறவில்லை.

நீலமை · 6 மார்ச், மாலை 5:30

இரண்டையும் வைத்துக்கொள்கிறேன். அச்செடுத்தால் வேறு ஒரு தொல்லை: முந்தைய காட்சி நீளமாகிவிட்டதால் பக்கத்தின் அடியில் "மாலதி" என்ற பெயர் மட்டும் தனியாக நிற்கிறது, "அப்பா கடன்" வசனம் அடுத்த பக்கத்தில். இதை எப்படித் தவிர்ப்பது?

இன்னொன்று. குமரன் கடைசியில் பேனாவை வாங்கிக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியே போவதாகச் சேர்க்க நினைக்கிறேன். மாலதி உள்ளே நின்றபடி பார்க்கிறாள். தலைப்பு இரண்டா, ஒன்றா?

எட்டில்ஒன்று · 6 மார்ச், இரவு 7:15

பெயரை அடியில் தனியாக விடக் கூடாது, வசனத்தோடு அடுத்த பக்கத்துக்குத் தள்ளுங்கள். நீண்ட வசனம் பிரிய நேர்ந்தால் வாக்கியம் முடியும் இடத்தில் பிரித்து, அடியில் "(தொடர்கிறது)" என்றும், அடுத்த பக்கத்தில் பெயரைத் திரும்ப எழுதி "(தொடர்ச்சி)" என்றும் போட வேண்டும். நடிகர் பக்கம் திருப்பும் முன் வசனம் முடிந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது, அதற்காகத்தான். மாலதியின் வசனம் சிறியது, பிரிக்கவே வேண்டாம்.

பின்வாசலுக்கு: கேமரா மாலதியோடு உள்ளேயே இருந்து, கதவு வழியாகக் குமரன் போவதைப் பார்த்தால் ஒரே தலைப்பு போதும். அவனோடு வெளியே போய், முற்றத்தில் அவன் முகத்தைப் பார்த்தால் புதிய தலைப்பு வேண்டும், "வெளி. அம்மா வீடு, பின்முற்றம் - பகல்". அங்கே வெளிச்சம் வேறு, ஒலி வேறு, எடுக்கும் நாளே வேறாக இருக்கலாம்.

கதவோரம் · 6 மார்ச், இரவு 7:50

ஒரே ஓட்டத்தில் உள்ளிருந்து வெளியே போகும் ஷாட்டாக இருந்தால் "உள்/வெளி" என்று ஒரே தலைப்பில் எழுதுவதும் உண்டு. இரண்டாக வெட்டினால் படிக்கும்போது ஓட்டம் தடைபடுகிறது.

எட்டில்ஒன்று · 6 மார்ச், இரவு 8:05

கார் ஓட்டும் காட்சிக்கு அதை ஏற்றுக்கொள்வேன். சமையலறைக்கும் முற்றத்துக்கும் ஏற்க மாட்டேன். சமையலறை ஒரு வீட்டிலும் முற்றம் வேறொரு வீட்டிலும் கிடைத்தால், ஒரே தலைப்பாக இருக்கும் அந்தக் காட்சியை எந்த நாளில் போடுவது? நீலமை, லொக்கேஷன் முடிவாகும்வரை இரண்டு தலைப்பாகவே வைத்திருங்கள். ஒரே வீடு கிடைத்தால் அப்போது சேர்த்துக்கொள்ளலாம்.